இல்லாத கோயிலுக்கு எழுதிய உயில்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாகப் படிங்க. போன வாரம் அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவும்போது ஒரு அம்மா வந்து கேட்டாங்க. "என் பேருல இருக்கிற கொஞ்சக் காசை, நான் போன பிறகு எங்க பழைய தோட்டத்துக் கோயிலுக்கு எழுதி வைக்கலாம்னு இருக்கேன். அந்தக் கோயில் இப்ப இல்ல. எழுதலாமா?" என்றாங்க. நாங்கள் பதில் சொல்ல ஆரம்பித்தோம், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதனால் எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறோம்.

இது எங்கள் கோயிலில் உண்மையாக நடந்தது. இதில் நாங்கள் செய்த தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். சம்பந்தப்பட்டவர்கள் பேரை மட்டும் விட்டுவிட்டோம்.

எங்கள் கோயிலுக்கு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகி, மனைவி முன்பே போய்விட்டாங்க, பிள்ளை இல்லை. ஆடி வெள்ளிக்குத் தவறாமல் வருவார். பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவார். 2015-இல் தவறிவிட்டார். அதற்கு ஆறு மாதம் கழித்து, அவருடைய நண்பர் ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியார், கையில் ஒரு காகிதத்தோடு எங்கள் கோயில் ஆபீசுக்கு வந்தார். 1999-இல் பெரியவர் எழுதிய உயில். வாத்தியாரைத்தான் அதை நிறைவேற்றும் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்.

உயிலில் கோயில் சம்பந்தமாக மூன்று வரி இருந்தது.

முதல் வரி: தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு 25,000 வெள்ளி.

இரண்டாவது வரி: தோட்டத்து ஆற்றோரம் ஆலமரத்தடியில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலுக்கு, அந்த இடத்தில் விளக்கு எரிய 15,000 வெள்ளி.

மூன்றாவது வரி: தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் சங்கத்துக்கு 10,000 வெள்ளி. சங்கத்துக்கு ஒரு பேரும் எழுதியிருந்தார்.

மீதி எல்லாம் தங்கை மகனுக்கு. அவர் லாரி ஓட்டுகிறார்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பெரியவர் உயில் எழுதும்போது இருந்த தோட்டமே இல்லை. 2003-இல் நிலம் விற்கப்பட்டது. ரப்பர் மரமெல்லாம் போய் தாமான் வந்துவிட்டது. 2005-இல் மாரியம்மனை எங்கள் கோயிலுக்குக் கொண்டுவந்தோம். ஆற்றோர முனீஸ்வரர் கோயில் 2008-இல் ரோடு போடும்போது இடிபட்டது. மூன்றாவது வரியில் இருந்த தேவாரச் சங்கத்தைப் பற்றி விசாரித்தால், அப்படி ஒரு சங்கம் இருந்ததாக யாருக்குமே தெரியவில்லை. சங்கப் பதிவு இலாகாவிலும் அந்தப் பேர் இல்லை.

எங்கள் கமிட்டியில் அன்றே முடிவு பண்ணிவிட்டோம். "கோயிலுக்குன்னு எழுதின காசு, கோயிலுக்குத்தான் வரணும். மொத்தம் ஐம்பதாயிரம். மண்டபத்துக் கூரைக்குச் சரியா இருக்கும்." யாரும் யோசிக்கவே இல்லை. தங்கை மகன் மட்டும் வாத்தியாரிடம், "இல்லாத கோயிலுக்கு எப்படி சார் காசு குடுப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். அது எங்கள் காதுக்கு வந்ததும் எங்களுக்குக் கோபம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், "சாமி காசைத் தின்னப் பார்க்கிறான்" என்று எழுதினார். நாங்களும் கை கூப்பின பொம்மையைப் போட்டு ஆமோதித்தோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாத்தியார் நிதானமானவர். "நான் தப்பாக் குடுத்துட்டா நான்தான் கைக்காசு போட்டுக் கட்டணும். கோர்ட்டைக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்த வழக்கறிஞர் ஒரு அம்மா. எங்களையும் ஒருநாள் வரச்சொன்னாங்க. அவங்க சொன்ன விஷயம்தான் இந்தப் பதிவின் மையம்.

"ஐயா, நீங்க நினைக்கிற மாதிரி எந்தக் கோயிலுக்கு அதிகத் தேவைன்னு கோர்ட் பார்க்காது. மூணு கேள்விதான் கேட்கும். அந்தக் கோயில் செத்துப்போச்சா, இல்ல இடம் மாறிச்சா? செத்திருந்தா, பெரியவர் சாகிறதுக்கு முன்னாடியா பின்னாடியா? முன்னாடின்னா, பெரியவர் மனசுல இருந்தது அந்த ஒரு கோயில் மட்டுமா, இல்ல அந்த மாதிரி ஒரு தர்மமா?"

அப்புறம் சட்டத்தில் இருக்கும் ஒரு பழைய பிரெஞ்சு வார்த்தையைச் சொன்னாங்க. சீ-ப்ரே. 'முடிந்தவரை அதற்குப் பக்கத்தில்' என்று அர்த்தமாம். தர்மத்துக்கு எழுதிய காசை எழுதியபடியே செலவழிக்க முடியாமல் போனால், கோர்ட் அதைக் கிட்டத்தட்ட அதே மாதிரியான இன்னொரு தர்மத்துக்குத் திருப்பிவிடலாம். இது இங்கிலாந்தில் பல நூறு வருஷமாக இருக்கும் வழக்கம். 1956-ஆம் வருஷத்துச் சிவில் சட்டம் வழியாக, இங்கிலாந்துப் பொதுச் சட்டம் நம் நாட்டிலும் செல்லும். அதனால் நம் கோர்ட்டுகளும் பழைய இங்கிலாந்து வழக்குகளைப் பார்த்துத்தான் முடிவு சொல்கின்றன.

"ஆனா எல்லாக் காசையும் திருப்பிவிட மாட்டாங்க. சிலது குடும்பத்துக்கே திரும்பிப் போயிடும்" என்றாங்க அந்த அம்மா. அப்போது எங்கள் முகம் சுருங்கிவிட்டது.

முதல் வரிக்கு அவங்க ஒரு வழக்குச் சொன்னாங்க. லண்டனில் ரொதர்ஹைத் என்று ஒரு பேட்டை. அங்கே ஏழை விதவைகளுக்கு உதவ 1756-இல் ஹன்னா பெய்லி என்ற அம்மா ஒரு தர்மம் ஏற்படுத்தினாங்க. 1905-இல் அந்தத் தர்மத்தை அதே பேட்டையின் மற்ற தர்மங்களோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். 1911-இல் இறந்த ஃபரேகர் என்ற அம்மா, அந்தப் பழைய பேருக்கே 200 பவுன் எழுதி வைத்திருந்தாங்க. குடும்பத்தார், "அந்தத் தர்மம் இப்போது இல்லையே, காசு எங்களுக்குத்தான்" என்று கேட்டார்கள். 1912-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. தர்மம் சாகவில்லை, வேறு வீட்டில் வேறு பேரில் வாழ்கிறது, காசு அங்கே போகட்டும் என்று தீர்ப்பு.

எங்களுக்கு உடனே சந்தோஷம். "பார்த்தீங்களா, நம்ம அம்மன் கதையேதான்!" என்றோம்.

"அவசரப்படாதீங்க ஐயா" என்று இன்னொரு வழக்கைச் சொன்னாங்க. ரைமர் என்ற ஒருவர், லண்டன் பக்கம் பாதிரியார்களைப் படிக்கவைக்கும் ஒரு குருமடத்துக்கு 5,000 பவுன் எழுதி வைத்தார். அவர் சாவதற்கு முன்பே குருமடத்தை மூடிவிட்டார்கள். அங்கே படித்த மாணவர்களை பர்மிங்ஹாம் பக்கத்தில் இருந்த வேறு குருமடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மாணவர்கள் போன இடத்துக்குக் காசும் போகணும் என்று கேட்டபோது, 1895-இல் கோர்ட் முடியாது என்றது. அவர் எழுதியது அந்த ஒரு குருமடத்துக்கு, அது முடிந்துபோனது, மாணவர்கள் வேறு இடத்துக்குப் போனதால் குருமடமே அங்கே போனதாக ஆகாது என்று காரணம். காசு தர்மத்துக்குப் போகவில்லை.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு எங்கள் தொழிற்சாலை ஞாபகம் வந்ததும் புரிந்துவிட்டது. எங்கள் இடத்தில் ஒரு புரொடக்‌ஷன் லைனை மூடினால் இரண்டு விதமாக மூடுவோம். ஒன்று, மெஷின், அச்சு, வேலைக் கார்டு, ஸ்டாக் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த பிளான்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணுவோம். அந்த லைன் அங்கே போய் ஓடும். இன்னொன்று, ஸ்கிராப் நோட் எழுதி மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, ஆட்களை மட்டும் வேறு லைனுக்கு மாற்றுவோம். ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆனால் லைன் செத்துவிட்டது. எது நடந்தது என்று பிறகு யாராவது கேட்டால், காகிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

கோயிலும் அப்படித்தான். பக்தர்கள் வேறு கோயிலுக்குப் போய்க் கும்பிடுவது போதாது. கோயிலே போயிருக்க வேண்டும்.

எங்கள் நல்ல நேரம், மாரியம்மன் விஷயத்தில் காகிதம் இருந்தது. அப்போதைய செயலாளர் ஐயா பழைய காலத்து மனுஷர். எல்லாவற்றையும் மினிட் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். தோட்டக் கோயில் கமிட்டியின் கடைசிக் கூட்டம். அம்மன் திருமேனி, உற்சவ மூர்த்தி, வெள்ளிக் கவசம், மணி, திருவாச்சி என்று எடையோடு பட்டியல். சேமிப்புக் கணக்கில் மீதி இருந்த 3,212 வெள்ளியை எங்கள் கணக்கில் போட்ட ரசீது. இரண்டு கமிட்டியின் தலைவர்களும் போட்ட கையெழுத்து. பாலஸ்தாபனம் செய்து, 2007 கும்பாபிஷேகத்தில் தோட்டத்து அம்மன் பேரையே கல்வெட்டில் பொறித்தோம். பெரியவரும் அந்தக் கும்பாபிஷேகத்துக்கு உபயம் கொடுத்திருக்கிறார். அந்த ரசீதும் கிடைத்தது.

இரண்டாவது வரி முனீஸ்வரர். இங்கேதான் எங்கள் மனசு கெட்டது.

2008-இல் இடித்தபோது, எங்கள் ஆட்களில் ஒருவர் அந்த மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து தன் வீட்டு வாசலில் வைத்துச் சூலம் நட்டுக் கும்பிட்டு வந்தார். பிடிமண் எடுத்து வந்தால் சாமியே வந்த மாதிரி, இது நம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கமிட்டியில் ஒருவர், "அந்தப் பிடிமண்ணை அப்பவே நம்ம கோயிலுக்குக் கொண்டுவந்து வச்சதா ஒரு மினிட் எழுதிடுவோம். 2008 தேதி போட்டு. யாருக்குத் தெரியும்?" என்றார். பொய் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த மேசையைச் சுற்றி இருந்த யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பதினைந்தாயிரம் வெள்ளி, சாமி காரியம், தப்பில்லை என்று மனசு சமாதானம் சொல்லிவிட்டது.

பழைய செயலாளர் ஐயாவிடம் புத்தகத்தைக் கேட்டுப் போனோம். அவருக்கு அப்போது எண்பது வயசு இருக்கும். விஷயத்தைக் கேட்டவர் புத்தகத்தை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார். "தம்பி, இதுல ஒரு பொய் வந்துட்டா, அம்மனைப் பத்தி எழுதின மத்த பக்கத்தை யார் நம்புவாங்க?" என்று மட்டும் கேட்டார். எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நல்ல வேளை முடிந்தது. அந்தப் புத்தகத்தைக் கோர்ட்டில் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள்.

கோர்ட் நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் நினைத்தது மாதிரி சண்டை வழக்கு இல்லை. வாத்தியார் உயர்நீதிமன்றத்தில், "உயிலில் இப்படி எழுதியிருக்கிறது, நிலைமை இப்படி இருக்கிறது, நான் யாருக்குக் கொடுப்பது என்று உத்தரவு சொல்லுங்கள்" என்று மனுப் போட்டார். எங்கள் கோயிலுக்கும் தங்கை மகனுக்கும் அதன் நகல் வந்தது. நாங்கள் எதிர்பார்க்காத இன்னொருவருக்கும் போனது. சட்டத்துறைத் தலைவருக்கு, அதாவது அட்டர்னி ஜெனரலுக்கு. ஏன் என்று கேட்டோம். "குடும்பத்துக்குப் பேச ஆள் இருக்கு. உங்க கோயிலுக்கு நீங்க இருக்கீங்க. செத்துப்போன தர்மத்துக்கு யார் வாய்? பொதுமக்களுக்கான தர்மத்துக்கெல்லாம் அவர்தான் காவல். அவர் தரப்புல ஒருத்தர் வந்து, இதுல தர்மத்துக்கு எது சேரணும்னு சொல்வார்" என்று அந்த அம்மா விளக்கினாங்க. பொதுத் தர்மத்தின் நிர்வாகத்தைப் பற்றி வழக்குப் போடுவதென்றால் அவரே போடலாம், அல்லது அதில் சம்பந்தம் உள்ள இரண்டு பேர் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வாங்கிப் போடலாம் என்று சட்டமே இருக்கிறதாம். கோயில் கமிட்டிகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முனீஸ்வரர் விஷயத்தில் நீதிபதி கேட்ட முதல் கேள்வி தேதிதான். கோயில் இடிபட்டது எப்போது, பெரியவர் இறந்தது எப்போது? நகராண்மைக் கழகத்துக் கடிதம் 2008 என்று காட்டியது. இறப்புச் சான்றிதழ் 2015.

இந்தத் தேதிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதற்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. ஸ்லெவின் என்பவர் நியூகாசிலில் ஓர் அனாதை இல்லத்துக்கு எழுதி வைத்தார். அவர் இறந்த அன்று இல்லம் நடந்துகொண்டிருந்தது. காசு கைக்கு வருவதற்குள் மூடிவிட்டார்கள். 1891-இல் கோர்ட், அவர் கண்ணை மூடிய நொடியிலேயே அந்தக் காசு தர்மத்தின் காசாகிவிட்டது, பிறகு இல்லம் மூடினாலும் குடும்பத்துக்குத் திரும்பாது, வேறு தர்மத்துக்குப் போகும் என்றது. அதாவது, முனீஸ்வரர் கோயில் பெரியவரின் சாவுக்கு ஒருநாள் கழித்து இடிபட்டிருந்தால்கூட, அந்தப் பதினைந்தாயிரம் தர்மத்திலேயே நின்றிருக்கும். ஏழு வருஷம் முன்பே இடிபட்டதால், காசு தர்மத்தின் கைக்கு வரவே இல்லை. அப்படியானால் மூன்றாவது கேள்விதான் மிச்சம். பெரியவர் மனசில் பொதுவான ஒரு தர்ம எண்ணம் இருந்ததா?

எழுதிய வார்த்தையைத்தான் பார்த்தார்கள். ஆற்றோரம், ஆலமரத்தடி, அந்த இடத்தில் விளக்கு எரிய. மூன்று தடவை இடத்தைச் சொல்லியிருக்கிறார். வேறெங்காவது முனீஸ்வரருக்கு விளக்கு எரியட்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மரத்துக்கும் அவருக்கும் ஏதோ பந்தம். அவருடைய மனைவி அங்கேதான் நேர்த்தி வைத்தாங்களாம், தங்கை மகன் சொன்னார். நீதிபதி அதை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டார். இடம் போனது, கொடையும் போனது. பதினைந்தாயிரம் மீதிச் சொத்தோடு சேர்ந்து தங்கை மகனுக்குப் போனது.

அதாவது, "இல்லாத கோயிலுக்கு எப்படிக் காசு?" என்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நாங்கள்தான் அவரைத் திருடன் மாதிரிப் பேசினோம்.

மூன்றாவது வரியில் எங்களுக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. இல்லவே இல்லாத சங்கம். இதற்குத்தான் எதுவும் கிடைக்காது என்று நாங்கள் நினைத்தோம். நடந்தது நேர்மாறு.

இங்கிலாந்தில் 1934-இல் இறந்த ஹார்வுட் என்ற அம்மாவின் உயில் வழக்கு இதற்கு உதவியது. அந்த அம்மா இரண்டு சமாதானச் சங்கங்களுக்கு எழுதினாங்க. ஒன்று விஸ்பெச் என்ற ஊர்ச் சங்கம். அது உண்மையாகவே இருந்து, அவங்க உயிரோடு இருக்கும்போதே கலைந்துபோனது. இன்னொன்று பெல்ஃபாஸ்ட் ஊர்ச் சங்கம். அந்தப் பேரில் ஒரு சங்கம் இருந்ததே இல்லை. கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? இருந்து கலைந்த சங்கத்துக்கான காசு தோற்றது. இருக்கவே இல்லாத சங்கத்துக்கான காசு தர்மத்துக்குப் போனது. கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் நியாயம்தான். ஒரு குறிப்பிட்ட சங்கத்தைப் பார்த்து, தெரிந்து, அதன் பேரை எழுதினால் உங்கள் மனசு அந்தச் சங்கத்தின் மேல் இருக்கிறது. இல்லாத ஒரு பேரை எழுதினால், உங்கள் மனசு சங்கத்தின் மேல் இருந்திருக்க முடியாது. அது செய்யும் வேலையின் மேல்தான் இருந்திருக்க வேண்டும்.

பெரியவரும் தேவாரச் சங்கம் என்று தோராயமாக ஒரு பேரைப் போட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது பிள்ளைகள் தேவாரம் படிக்க வேண்டும் என்பதுதான். நீதிபதி அதைப் பொதுவான தர்ம எண்ணமாக ஏற்றுக்கொண்டார். இதுதான் உண்மையான சீ-ப்ரே. முதல் வரியில் நடந்தது அது இல்லை. அங்கே தர்மம் உயிரோடு இருந்தது, விலாசம் மட்டும் மாறியது. இங்கேதான் கோர்ட் புதிதாக ஒரு கையைத் தேடி அந்தக் காசைக் கொடுத்தது.

அந்தக் கை எங்கள் கை என்றே நாங்கள் நம்பினோம். தோட்டத்து அம்மன் எங்களிடம் இருக்கிறாள், தோட்டத்துக் குடும்பங்கள் எங்களிடம் வருகின்றன. "உங்கள் கோயிலில் தேவார வகுப்பு எந்த நாளில்?" என்று கேட்டார்கள். வகுப்பு நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஓதுவார் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, நாங்களும் வேறு ஆள் தேடவில்லை. அடுத்த டவுன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வகுப்பு நடக்கிறது. வருகைப் பதிவேடு இருக்கிறது. பழைய தோட்டத்துக் குடும்பப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பத்தாயிரம் வெள்ளியும் அங்கே போனது. தேவார வகுப்புக்கு மட்டும், புத்தகம், ஆசிரியர் சம்பளம், பிள்ளைகள் வந்துபோகும் வேன் செலவு என்று கட்டுப்பாடு போட்டு, தனிக் கணக்கு வைக்கச் சொல்லி உத்தரவு.

எங்கள் மண்டபத்துக்கு எவ்வளவு பக்கம் என்பது கணக்கில் வரவில்லை. அவர் நினைத்த வேலைக்கு எது பக்கம் என்பதுதான் கணக்கு.

மொத்தம் சுமார் இரண்டு வருஷம் ஆனது. வழக்குச் செலவு பெரியவரின் சொத்திலிருந்தே போனது. மூன்று வரியைக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

அதனால் அன்று கேட்ட அம்மாவுக்கும், உயில் எழுத நினைக்கும் எல்லாருக்கும் அந்த வழக்கறிஞர் அம்மா சொன்ன யோசனை இதுதான். கோயில் பேரோடு நிறுத்தாதீங்க. எதற்கு என்பதையும், அது இல்லாவிட்டால் என்ன என்பதையும் எழுதுங்க. இந்த மாதிரி:

"இன்ன ஊரில் உள்ள இன்ன கோயிலுக்கு, அன்னதானத்துக்காக, இவ்வளவு வெள்ளி. நான் இறக்கும்போது அந்தக் கோயில் இல்லாமலோ, வேறு கோயிலோடு சேர்ந்தோ, பேர் மாறியோ இருந்தால், அதன் வழிபாட்டைத் தொடர்ந்து நடத்தும் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், என் உயிலை நிறைவேற்றுபவர் அன்னதானம் நடத்தும் வேறு இந்துக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும்."

இவ்வளவுதான். வழக்கறிஞரிடம் கொடுத்தால் சட்ட வார்த்தையில் போட்டுக்கொடுப்பாங்க. ஆலமரத்தடியிலேதான் விளக்கு எரியணும், இல்லாவிட்டால் என் குடும்பத்துக்கே போகட்டும் என்று நினைத்தால், அதுவும் உங்கள் உரிமை. அதையும் அப்படியே எழுதுங்க. யாரும் உங்கள் மனசை ஊகிக்க வேண்டியதில்லை.

'நல்ல காரியத்துக்கு' என்று மட்டும் பொதுவாக எழுதாதீங்க. நல்ல காரியம் எல்லாமே சட்டப்படி தர்மம் ஆகாது. உங்கள் பேரில், உங்கள் துணைவர் பேரில் வருஷா வருஷம் திதி கொடுக்கக் கோயிலுக்குக் காசு எழுதுபவர்கள் இருக்கீங்க. கவனமாக இருங்க. பினாங்கில் ஒரு சீன அம்மா, தன் கணவருக்கும் தனக்கும் சடங்கு நடத்த ஒரு வீட்டையே உயிலில் ஒதுக்கி வைத்தாங்க. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1875-இல் தீர்ப்பு வந்தது. அது குடும்பத்துக்கு மட்டும் பயன்படுவது, பொதுத் தர்மம் இல்லை, ஆகவே செல்லாது என்று. தர்மமே இல்லாததைச் சீ-ப்ரே காப்பாற்றாது. திதிக்கு வேண்டிய ஏற்பாட்டைப் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லிவையுங்க. கோயிலுக்கு எழுதுவதைப் பொதுமக்களுக்குப் பயன்படும் காரியத்துக்கு எழுதுங்க.

இன்னும் தோட்டங்களில் கோயில் வைத்திருக்கும் கமிட்டிகளுக்கு ஒரு வார்த்தை. இடம் மாற வேண்டி வந்தால், சாமியை மட்டும் லாரியில் ஏற்றி வராதீங்க. கடைசிக் கூட்டம் போடுங்க. யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று தீர்மானம் எழுதுங்க. நகை, பாத்திரம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்க. என்றைக்கோ யாரோ ஒரு கிராணி, பழைய பேரைப் போட்டு எழுதி வைத்த உயில் எந்த அலமாரியில் இருக்கிறதோ தெரியாது. அன்றைக்கு அந்தக் காகிதம்தான் உங்கள் சாமிக்காகப் பேசும்.

உத்தரவு வந்த வாரம் தங்கை மகன் வீட்டுக்குப் போனோம். குரூப்பில் எழுதியதை அவருக்கு யாரோ காட்டியிருந்தார்கள். அவர் கேட்கவில்லை, நாங்களே சொல்லி மன்னிப்புக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாமா அந்த மரத்தடிக்கு என்னையும் சின்ன வயசுல கூட்டிக்கிட்டுப் போவாருண்ணே. எனக்கும் அது வலிதான்" என்றார். டீ போட்டுக் கொடுத்தார். பதினைந்தாயிரத்தைப் பற்றி நாங்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அது அவர் காசு.

இருபத்தையாயிரத்தில் மண்டபக் கூரையின் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் உபயம் தேடிக்கொண்டிருக்கிறோம். நின்றுபோன தேவார வகுப்பை மறுபடி ஆரம்பித்துவிட்டோம். ஞாயிறு காலை ஒன்பது மணி, இப்போதைக்கு பதினோரு பிள்ளைகள். வருகைப் பதிவேடும் வைத்திருக்கிறோம்.

உயில் பற்றிச் சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு ஆபீசில் கேளுங்க. எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். எழுதும்போது வழக்கறிஞரிடம் போங்க.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.